மூன்று மூன்றாகவா, நான்கு நான்காகவா? இரும எண்களைப் பகுத்துப் படிக்கும் முறை



ஜொகூரில் உள்ள ஒரு பள்ளியில், தேசிய தினக் கொண்டாட்டத்தை ஒட்டி மாணவர் குழு ஒன்று வலைப்பக்கம் ஒன்றை உருவாக்கியது. அப்பக்கத்தின் முகப்பில் ஜாலோர் கெமிலாங்கைத் தாமே வரைய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கொடியின் நிறங்களுக்கு இணையத்தில் பரவலாக வழங்கும் எண்களை அவர்கள் திரட்டினர். நீலத்திற்கு 1, 0, 102; சிவப்புக்கு 204, 0, 0; மஞ்சளுக்கு 255, 204, 0; வெள்ளைக்கு 255, 255, 255. இவற்றைத் திரைக்கு உரிய நிறக் குறியீடாக மாற்றச் சிறு நிரல் ஒன்றையும் எழுதினர். பக்கத்தைத் திறந்தபோது கொடி கொடியாகவே இல்லை. கருநீலம் இருக்க வேண்டிய மூலை வெளிறிய ஊதாவாக நின்றது. சிவப்புப் பட்டைகள் அடியோடு மறைந்து போயின. பிறையும் விண்மீனும் கறுத்துப் போயின. வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

வெளியிடுவதற்கு முன்பே பிழை கண்ணில் பட்டதால் பெரிய சங்கடம் நேரவில்லை. அன்று அவர்களோடு அமர்ந்து அந்தப் பிழையைத் தேடியவர்களில் நானும் ஒருவன். நான்கு நிறங்களும் நான்கு விதமாக நடந்துகொண்டன. ஆனால் காரணம் ஒன்றே. இரும எண்ணைப் பகுத்துப் படிக்கும் முறையில் ஓர் அடிப்படை விதி மீறப்பட்டிருந்தது. அவ்விதியையும், அதன் பின்னுள்ள ஏரணத்தையும் விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

பகுத்துப் படித்தல் ஏன் இயலுகிறது?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் ஆனது இருமம். 0 முதல் 7 வரையிலான எட்டு இலக்கங்களால் ஆனது எண்மம். பதினாறு இலக்கங்களால் ஆனது பதினறுமம். அதில் 0 முதல் 9 வரை வழக்கமான இலக்கங்களும், பத்து முதல் பதினைந்து வரையிலான மதிப்புகளுக்கு A, B, C, D, E, F என்னும் எழுத்துகளும் வழங்குகின்றன. ‘எண்மம்’ என்னும் சொல் இன்று மின்னியல் சார்ந்த வேறு பொருளிலும் ஆளப்படுகிறது. இங்கு எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறை என்ற பொருளில் மட்டுமே அதனைக் கொள்க. இருமத்தின் ஒவ்வோர் இலக்கத்தையும் பிட் என்றும், எட்டுப் பிட் கொண்ட தொகுதியைப் பைட் என்றும் அழைப்போம்.

பெரிய தொகையை எழுதும்போது 16,777,216 என வலப்புறத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகக் காற்புள்ளி இட்டுப் பிரிக்கிறோம். இவ்வாறு பிரித்தபின் ஒவ்வொரு தொகுதியும் ஆயிரத்தை அடிமானமாகக் கொண்ட எண்முறையின் ஓர் ‘இலக்கம்’ போலவே நிற்கிறது. ஆயிரம் என்பது பத்தை மூன்று முறை பெருக்கியது. ஆதலால் மூன்று இலக்கங்கள் ஒரு தொகுதியாகின்றன. கணக்கு எதுவும் செய்யாமல், காற்புள்ளி இட்ட அளவிலேயே நாம் அடிமானத்தை மாற்றி விடுகிறோம்.

இருமத்திலும் இதுவே நிகழ்கிறது. எட்டு என்பது இரண்டை மூன்று முறை பெருக்கியது. பதினாறு என்பது நான்கு முறை பெருக்கியது. எனவே மூன்று பிட்டுகளைச் சேர்த்தால் ஓர் எண்ம இலக்கம். நான்கு பிட்டுகளைச் சேர்த்தால் ஒரு பதினறும இலக்கம். பத்து என்பதோ இரண்டின் அடுக்கு அன்று. ஆகையால் இருமத்திலிருந்து பதின்மத்திற்குச் செல்லும்போது இத்தகைய குறுக்குவழி இல்லை. பெருக்கிக் கூட்டியே ஆக வேண்டும்.

நான்கு பிட்டுகளின் இட மதிப்புகள் இடமிருந்து வலமாக 8, 4, 2, 1. இவை மனத்தில் இருந்தால் பட்டியல் எதுவும் தேவையில்லை. 0110 என்பது 4+2, அதாவது 6. 1100 என்பது 8+4, அதாவது 12, பதினறுமத்தில் C. 1111 என்பது 15, பதினறுமத்தில் F. மூன்று பிட்டுகளுக்கு 4, 2, 1 என்னும் மதிப்புகள் போதும்.

கொடியின் நீலத்தில் உள்ள 102 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இருமத்தில் அது 1100110, ஏழு பிட்டுகள். வலப்புறத்திலிருந்து நான்கு நான்காகப் பிரித்தால் 110 | 0110 ஆகும். இடக்கோடியில் ஒரு பூச்சியம் சேர்த்து 0110 | 0110 என்று நிரப்பினால் பதினறுமத்தில் 66. சரிபார்ப்போம்: 6 × 16 + 6 = 102. மூன்று மூன்றாகப் பிரித்தால் 1 | 100 | 110, எண்மத்தில் 146. இதையும் சரிபார்ப்போம்: 64 + 4 × 8 + 6 = 102.

மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே. நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள்; ஆகவே இடப்புறத்திலிருந்தே பிரிக்கத் தொடங்கி விடுகிறோம். அவ்வாறு பிரித்தால் 1100 | 110 என்றாகி C6 என்னும் விடை வரும். அதன் மதிப்பு 198. பிழையான விடையும் பார்வைக்கு ஒழுங்காகவே தோன்றுவதுதான் இதிலுள்ள இடர். இட மதிப்பு வலக்கோடியில் 1-இலிருந்து வளர்வதால் பிரிப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஐயம் எழுந்தால் விடையைப் பதின்மத்திற்கு மாற்றி ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

கொடியின் நிறம் எங்கே தொலைந்தது?

திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் கலக்கின்றன. ஒவ்வோர் ஒளியின் அளவையும் ஒரு பைட் குறிக்கிறது. எட்டுப் பிட்டுகளில் 0 முதல் 255 வரை 256 நிலைகள் அமையும். மூன்று ஒளிகளுக்கும் சேர்த்து 24 பிட்டுகள்; ஆக 256 × 256 × 256 = 16,777,216 நிறங்கள்.

கொடியின் நீலம் இருமத்தில் இவ்வாறு அமைகிறது:

```
சிவப்பு     பச்சை       நீலம்
0000 0001   0000 0000   0110 0110
   0    1      0    0      6    6

#010066
```

ஒவ்வொரு பைட்டும் சரியாக இரண்டு பதினறும இலக்கங்களாக விரிகிறது. மூன்று பைட்டுகளும் ஆறு இலக்கங்களாகின்றன. எந்த இரண்டு இலக்கங்கள் எந்த ஒளிக்கு உரியவை என்பது அவை நிற்கும் இடத்தைக் கொண்டே அறியப்படுகிறது. இடையில் காற்புள்ளியோ இடைவெளியோ கிடையாது. எனவே இக்குறியீட்டில் பூச்சியம் வெறும் நிரப்பியாக நிற்கவில்லை. அடுத்த ஒளிக்கு உரிய இடத்தைக் காத்து நிற்கிறது.

மாணவர்களின் நிரல் இங்கேதான் வழுக்கியது. அது மூன்று எண்களையும் தனித்தனியே பதினறுமத்திற்கு மாற்றி ஒட்ட வைத்தது. 1 என்பது ‘1’ ஆயிற்று. 0 என்பது ‘0’ ஆயிற்று. 102 என்பது ‘66’ ஆயிற்று. எண் என்ற அளவில் மூன்றும் சரியே. ஒட்டியபோது கிடைத்ததோ #010066 அன்று, #1066.

இதன்பின் நிகழ்ந்தது வேறொரு விதியின் வேலை. இக்கால உலாவிகள் நான்கு இலக்கக் குறியீட்டையும் ஏற்கின்றன. அதில் ஒவ்வோர் இலக்கமும் இரட்டிக்கப்படும். நான்காவது இலக்கம் ஒளிபுகாத் தன்மையைக் குறிக்கும். அதனால் #1066 என்பது சிவப்பு 11, பச்சை 00, நீலம் 66, ஒளிபுகாமை 66 என்று விரிந்தது. பதினறும 66 என்பது 102. 255-இல் அது 40 விழுக்காடு. எனவே நீலம் நாற்பது விழுக்காடு மட்டுமே தெரிய, பின்னணி வெள்ளை எஞ்சிய பகுதியை நிரப்பி வெளிறிய ஊதாவைத் தந்தது.

சிவப்புக்குக் கிடைத்த குறியீடு #CC00. அது CC, CC, 00, 00 என விரிந்தது. கடைசி 00 முற்றிலும் ஒளிபுகும் தன்மையைக் குறிப்பதால் பட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை. மஞ்சளுக்குக் கிடைத்தது #FFCC0. ஐந்து இலக்கங்கள் கொண்ட நிறக் குறியீடு என ஒன்று இல்லை. உலாவி அதனைப் பொருளற்றதெனத் தள்ளிவிட்டு, வரைபடத்தின் இயல்பான நிரப்பு நிறமாகிய கறுப்பைப் பூசியது. வெள்ளையின் மூன்று மதிப்புகளும் இயல்பாகவே FF என்னும் ஈரிலக்கம் ஆதலால் அது மட்டும் தப்பியது.

பிழையைக் கண்டறியும் வழியும் இதிலேயே உள்ளது. நிறக் குறியீட்டின் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஒளிபுகும் தன்மையை நீங்கள் குறிக்காதபோது ஆறு இலக்கங்கள் இருத்தல் வேண்டும். 16-க்குக் குறைவான மதிப்பு எந்த ஒளியிலாவது வந்தால் பூச்சியம் விடுபட்டிருக்கலாம் என்று ஐயுறுங்கள். திருத்தமும் சிறியதே. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒவ்வோர் ஒளியையும் மாற்றும் வரி இப்படி மாறியது:

```
n.toString(16)                    // 1 → "1"
n.toString(16).padStart(2, "0")   // 1 → "01"
```

தாளில் கணக்கிடும் மாணவருக்கும் இதே விதி பொருந்தும். பைட்டை முதலில் எட்டுப் பிட்டுகளாக முழுமையாக எழுதுக. பிறகே பிரிக்கத் தொடங்குக. அவ்வாறு செய்தால் பூச்சியம் தவறிப் போக வழியில்லை.

நிறத்திற்கு எண்மம் ஏன் பொருந்தவில்லை?

படிவம் நான்கு கணிதப் பாடத்தில் எண் அடிமானங்கள் பற்றிப் பயிலும் மாணவர்கள், இரண்டிலிருந்து எட்டுக்கு மாறுவதை நன்கு அறிவர். எழுத்துகளைப் புகுத்தாமல் பழகிய இலக்கங்களிலேயே எழுதக் கூடிய எண்மத்தை விட்டுவிட்டு, நிறத்திற்கு ஏன் பதினறுமத்தை நாடினர் என்று அவர்கள் வினவக் கூடும். கொடியின் மஞ்சள் இதற்கு விடை தரும்.

```
நான்காக:  1111 1111 | 1100 1100 | 0000 0000
            F    F      C    C      0    0

மூன்றாக:  111 111 111 100 110 000 000 000
           7   7   7   4   6   0   0   0
```

இருபத்து நான்கு பிட்டுகளும் மூன்றால் மீதியின்றி வகுபடுகின்றன. ஆகவே எட்டு எண்ம இலக்கங்கள் ஒழுங்காகவே அமைகின்றன. எனினும் 77746000 என்பதில் பச்சையின் மதிப்பு எங்கே? தனியே எழுதினால் 204 என்பது எண்மத்தில் 314. அந்த 314 என்னும் தொடர் இங்கு எங்கும் இல்லை. இடமிருந்து மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அதன் மூன்று பிட்டுகளில் இரண்டு சிவப்புக்கு உரியவை. ஒன்று பச்சைக்கு உரியது. ஆறாவது இலக்கத்திலோ ஒரு பிட் பச்சைக்கும் இரண்டு பிட் நீலத்திற்கும் உரியவை. ஓர் இலக்கம் இரண்டு ஒளிகளுக்கு இடையே பங்கு போடப்பட்டு நிற்கிறது.

இதன் விளைவைச் சிறு மாற்றம் ஒன்றால் காணலாம். பச்சையை 204-இலிருந்து 205-க்கு உயர்த்துவோம். பதினறுமத்தில் FFCC00 என்பது FFCD00 ஆகிறது; மாறியது பச்சை என்பதும், ஒன்று கூடியது என்பதும் பார்த்த உடனே விளங்கும். எண்மத்தில் 77746000 என்பது 77746400 ஆகிறது. ஒன்று கூடிய இடத்தில் நான்கு கூடியது போல் தோன்றுகிறது. எண் சரியே, ஆனால் அதனைக் கண்ணால் படித்து நிறத்தை உணர முடியாது.

காரணம் எளியது. எட்டு என்னும் எண் நான்கால் மீதியின்றி வகுபடும், மூன்றால் வகுபடாது. பைட்டின் எல்லையும் பதினறும இலக்கத்தின் எல்லையும் எப்போதும் ஒன்றுபடுகின்றன. எண்ம இலக்கத்தின் எல்லை அவ்வாறு ஒன்றுபடுவதில்லை. கணினி வரலாறும் இதற்குச் சான்று கூறும். 1965-இல் வெளிவந்த பிடிபி-8 கணினியின் சொல் நீளம் 12 பிட்டுகள். அது நான்கு எண்ம இலக்கங்களாகச் சீராக அமைந்ததால் அங்கே எண்மம் இயல்பாகப் பொருந்தியது. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 எட்டுப் பிட் பைட்டை அடிப்படையாகக் கொண்டது. அதனோடு பதினறுமம் பொருந்தியது. எட்டுப் பிட் பைட் உலகெங்கும் நிலைபெற்றபோது பதினறுமமும் உடன் நிலைபெற்றது.

அகரம் தரும் மறு விடை

அப்படியாயின் எண்மம் பயனற்றதா? மாணவர்களின் அதே பக்கத்தில் கொடியின் கீழே தமிழ் எழுத்துகளும் இருந்தன. அவற்றுள் முதலெழுத்தாகிய அகரம் இவ்வினாவுக்கு வேறொரு விடை தருகிறது.

ஒருங்குறியில் ‘அ’ என்பதன் எண் பதினறும 0B85. இருமத்தில் 0000 1011 1000 0101. வலைப்பக்கத்தில் இந்தப் பதினாறு பிட்டுகள் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. UTF-8 என்னும் முறை அவற்றை நான்கு, ஆறு, ஆறு எனப் பிரித்து மூன்று பைட்டுகளில் வைக்கிறது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த முறை இது. முதல் பைட் 1110 எனத் தொடங்கும். அடுத்த இரண்டும் 10 எனத் தொடங்கும்.

```
எழுத்தெண்:         0000     101110     000101
UTF-8:         1110 0000  10 101110  10 000101
பதினறுமம்:           E0         AE         85
எண்மம்:             340        256        205
```

பதினறுமத்தில் 0B85 என்பதையும் E0 AE 85 என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள AE எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குப் புலப்படாது. கடைசியில் 85 இரண்டிலும் இருப்பது தற்செயலே. புள்ளியின் எண் 0BCD ஆக இருக்க, அதன் கடைசி பைட் 8D என்று மாறி விடுகிறது.

இப்போது எண்மத்தைப் பாருங்கள். அகரத்தின் எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்தால் 101 | 110 | 000 | 101, அதாவது 5605. அதனை 56 என்றும் 05 என்றும் இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாம் பைட் 256. மூன்றாம் பைட் 205. முன்னே ஒரு 2 சேர்ந்ததைத் தவிர இலக்கங்கள் அப்படியே நிற்கின்றன. புள்ளியின் எண் எண்மத்தில் 5715. அதன் பைட்டுகள் 340, 257, 215. இங்கும் 57, 15 என்பவை தெளிவாகத் தெரிகின்றன.

தொடரும் பைட்டுகள் ஆறு ஆறு பிட்டுகளைச் சுமப்பதே இதற்குக் காரணம். ஆறு மூன்றால் வகுபடும், நான்கால் வகுபடாது. பைட்டின் முன்னொட்டாகிய 10 என்பதே எண்மத்தில் 2 என்னும் முதல் இலக்கமாக நிற்கிறது. இப்பொருத்தம் தொடரும் பைட்டுகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவிற்கொள்க. முதல் பைட்டின் நான்கு பிட் பகுதி மூன்றாகப் பிரியாது. லினக்ஸ் கணினி உள்ளவர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம்:

```
printf 'அ' | od -An -to1
 340 256 205
```

ஆக, எண்மமா பதினறுமமா என்னும் வினாவுக்குப் பொதுவான ஒரே விடை இல்லை. அந்தப் பிட்டுகளை அடுக்கியவர் எத்தனை எத்தனையாக அடுக்கினார் என்று முதலில் கேட்க வேண்டும். நிறத்தில் எட்டு எட்டாக அடுக்கினர். ஆகவே நான்கு நான்காகப் பிரிக்கிறோம். அகரத்தின் தொடர் பைட்டுகளில் ஆறு ஆறாக அடுக்கினர். ஆகவே மூன்று மூன்றாகப் பிரித்தால் எழுத்தெண் தானே வெளிப்படுகிறது. எத்தனையாகப் பிரித்தாலும் எண்ணின் மதிப்பு மாறாது. சரியான இடத்தில் பிரித்தால்தான் பொருள் புலப்படும்.

வகுப்பறையில் செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்றோடு நிறைவு செய்கிறேன். கொடியின் சிவப்பாகிய 204, 0, 0 என்பதை எட்டெட்டுப் பிட்டுகளாக எழுதி, முதலில் நான்கு நான்காகவும் பின்னர் மூன்று மூன்றாகவும் மாணவர்கள் பிரிக்கட்டும். பதினறுமத்தில் CC0000 என்றும் எண்மத்தில் 63000000 என்றும் வரும். 204-ஐத் தனியே எழுதினால் வரும் 314 இங்கே 63 ஆனது எவ்வாறு என்பதை அவர்களே எழுதி விளக்கட்டும். அதனை விளக்கக் கூடிய மாணவர், மறைந்து போன சிவப்புப் பட்டைகளையும் மீட்டெடுக்கக் கூடியவரே.